கடைசித் தவணையின் கனம்

2020 மே மாதம், ஊரடங்கில் கார் விற்பனை படுத்துக் கிடந்தபோது, மாருதி சுசுகியும் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியும் சேர்ந்து ஒரு கடன் திட்டத்தை அறிவித்தன. லட்சம் ரூபாய்க்கு மாதம் 1,797 ரூபாய் கட்டினால் போதும். கடைசித் தவணை மட்டும் வாங்கிய கடனில் நாலில் ஒரு பங்கு. பலூன் தவணை என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். 1,797 என்ற எண் எங்கிருந்து வந்தது, சாதாரணத் தவணையைவிட அது எவ்வளவு குறைவு, அந்தக் குறைவுக்கு யார் எப்போது விலை கொடுக்கிறார்கள் என்பதை விளம்பரம் சொல்லாது. ஆனால் இந்த இரண்டு எண்களையும் கையில் வைத்துக்கொண்டு ஏறத்தாழ எல்லாவற்றையும் நாமே கண்டுபிடித்துவிட முடியும்.

பலூன் என்ற பெயர் புதிதாக இருந்தாலும், கொச்சியில் இந்தச் சரக்கு பழையது. நாட்டின் பெரிய நகைக்கடன் நிறுவனங்களில் ஒன்றான முத்தூட் ஃபைனான்ஸின் தலைமையகம் இந்த நகரத்தில்தான் இருக்கிறது. நகைக்கடனில் பெரும்பகுதி, மாதத் தவணையே இல்லாமல் முதலையும் வட்டியையும் கடைசி நாளில் ஒன்றாகக் கட்டும் ஏற்பாட்டில் ஓடுகிறது. பலூன் கடனின் கடைக்கோடி வடிவம் அது: கடன் முழுவதுமே பலூன். ரிசர்வ் வங்கி 2025 ஜூன் 6 அன்று வெளியிட்ட நகைக்கடன் விதிகள் இந்த வடிவத்தைத் தனியாகப் பிரித்துப் பார்க்கின்றன. இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம். கடைசியில் மொத்தமாகத் திருப்பும் கடனுக்கோ, அந்த 85 சதவீதம் என்பது கையில் கொடுக்கும் பணம் அல்ல, முடிவு நாளில் வட்டியோடு சேர்ந்து நிற்கும் தொகை. இரண்டு லட்சம் மதிப்புள்ள நகைக்கு மேல்வரம்பு 1,70,000 ரூபாய். ஆண்டுக்கு 12 சதவீத வட்டியை ஆண்டு முடிவில் ஒரே தடவையாகச் சேர்த்தால், கையில் கிடைக்கக்கூடியது 1,51,786 ரூபாய்தான். குடும்பச் செலவுக்கு வாங்கும் இத்தகைய கடனுக்கு 12 மாதத்துக்கு மேல் கெடு கிடையாது. ஏறிய வட்டியைக் கட்டாமல் நகையை மாற்றி வைக்கவும் முடியாது. கடைசியில் குவியும் கடன்தான் ஆபத்தானது என்று ஒழுங்குமுறையாளரே ஒப்புக்கொண்டு எழுதிய விதி இது.

முழுவதும் பலூனான நகைக்கடனுக்கும் சாதாரணத் தவணைக் கடனுக்கும் நடுவில் நிற்பது பலூன் வைத்த வண்டிக் கடன். இங்கே முதலில் ஒரு பகுதி மாதாமாதம் கரைகிறது. மீதி கடைசியில் வந்து நிற்கிறது. தவணையைக் கணக்கிடும் சிக்கலும் இங்கேதான் வருகிறது.

கொச்சியின் மட்டாஞ்சேரி பசார் ரோட்டை எடுத்துக்கொள்வோம். காயலை ஒட்டிய குறுகலான தெரு. இருபுறமும் மிளகும் சுக்கும் அரிசியும் அடுக்கிய பழைய கிட்டங்கிகள். பெரிய லாரி உள்ளே திரும்பவே திணறும். சரக்கை ஏற்றி இறக்கச் சிறிய சரக்கு வண்டிதான் தோது. அங்கே ஒரு வியாபாரி ஏழு லட்சம் ரூபாய்க்கு ஒரு வண்டி வாங்குகிறார், ஒரு லட்சம் கையிலிருந்து போட்டு ஆறு லட்சம் கடன் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வட்டி 12 சதவீதம், அதாவது கடைத்தெருக் கணக்கில் நூற்றுக்கு ஒரு ரூபாய், ஒரு வட்டி. காலம் 48 மாதம். சாதாரணக் கடனாக இருந்தால் மாதத் தவணை 15,800 ரூபாய் வரும். கடைசி மாதம் ஒன்றரை லட்சத்தை மொத்தமாகக் கட்டுவதாக ஒப்புக்கொண்டால் எவ்வளவு வரும்?

பாடப்புத்தகம் சொல்லும் வழி, நான்கு ஆண்டு கழித்து வரும் ஒன்றரை லட்சத்தின் இன்றைய மதிப்பைக் கடனிலிருந்து கழித்து, மீதிக்குத் தவணை போடுவது. சரியான வழிதான். ஆனால் அதில் கடனின் சுபாவம் கண்ணில் படுவதில்லை. அதே விடையைத் தரும் இன்னொரு வழி இருக்கிறது. எனக்கு அதுவே பிடித்தது. ஆறு லட்சத்தை இரண்டு கடனாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நாலரை லட்சம், மாதாமாதம் கட்டி அடைக்கும் கடன். ஒன்றரை லட்சம், அடைக்கவே அடைக்காமல் வட்டி மட்டும் கட்டி வரும் கடன். இரண்டையும் கூட்டினால் தவணை.

```
EMI = (P - B) × i / (1 - (1 + i)^-n) + B × i
```

P என்பது கடன், B என்பது கடைசியில் கட்டும் பலூன், i என்பது ஒரு மாத வட்டி, n என்பது மாதங்கள். நடுவில் இருக்கும் பின்னம்தான் எல்லா மாதத் தவணைக்கும் அடிப்படையான பெருக்கு எண். அதைக் கண்டுபிடிக்கத் தனிக் கருவி வேண்டியதில்லை. கைப்பேசியில் உள்ள கால்குலேட்டர் போதும். 1.01-ஐ அதாலேயே பெருக்கினால் 1.0201. அதை அதாலேயே பெருக்கினால் நாலாவது அடுக்கு. இப்படி ஐந்து தடவை பெருக்கினால் 32-ஆவது அடுக்கு, 1.374941, வந்துவிடும். வழியில் குறித்துவைத்த 16-ஆவது அடுக்கான 1.172579-ஆல் அதைப் பெருக்கினால் 48-ஆவது அடுக்கு: 1.612226. ஒன்றை இதனால் வகுத்தால் 0.62026. அதை ஒன்றிலிருந்து கழித்தால் 0.37974. ஒரு மாத வட்டியான 0.01-ஐ இதனால் வகுத்தால் 0.0263338. லட்சத்துக்கு 2,633 ரூபாய் என்று ஏஜெண்டுகள் மனப்பாடமாகச் சொல்வது இதைத்தான்.

நாலரை லட்சத்தை அதால் பெருக்கினால் 11,850 ரூபாய். ஒன்றரை லட்சத்துக்கு ஒரு வட்டி 1,500 ரூபாய். ஆக மாதத் தவணை 13,350 ரூபாய். முதல் மாதம் கட்டும் இந்தத் தொகையில் 6,000 ரூபாய் வட்டிக்குப் போய், 7,350 ரூபாய் முதலில் கழிகிறது. 48-ஆவது தவணையைக் கட்டிய பிறகு சரியாக ஒன்றரை லட்சம் நிற்கும். அன்றே அதையும் கட்டினால் கணக்கு முடிந்தது.

இப்படிப் பிரித்துப் பார்த்தால், விலை எங்கே ஒளிந்திருக்கிறது என்பது தெரிந்துவிடுகிறது. ஒன்றரை லட்சத்துக்கு 48 மாதமும் முழு வட்டி. ஒரு ரூபாய்கூட அதில் குறைவதில்லை. சாதாரணக் கடனில் மொத்த வட்டி 1,58,414 ரூபாய். பலூன் வைத்த கடனில் 1,90,811 ரூபாய். வித்தியாசம் 32,397 ரூபாய். கவனிக்க வேண்டியது, இரண்டு கடனுக்கும் வட்டி வீதம் ஒன்றுதான், 12 சதவீதம். வீதத்தை மட்டும் கேட்டு இரண்டு கடனை ஒப்பிடுபவருக்கு இந்த 32,000 ரூபாய் கண்ணிலேயே படாது. வங்கி ஏமாற்றியது என்றும் இதைச் சொல்ல முடியாது. அதிகப் பணத்தை அதிக நாள் வைத்திருந்ததற்கான வாடகை அது.

அப்படியானால் இந்த ஏற்பாடு யாருக்கு லாபம்? மாதம் மிச்சமாவது 2,450 ரூபாய். பொறுப்பான ஒருவர் அந்தப் பணத்தைச் செலவழிக்காமல் கடைசித் தவணைக்கென்று தனியே சேர்க்கிறார் என்று கொள்வோம். கேரளத்தில் இதற்கு வழிகளுக்குப் பஞ்சமில்லை. வங்கியில் தொடர்வைப்பு இருக்கிறது, 1969-இல் திருச்சூரில் தொடங்கிய மாநில அரசின் கே.எஸ்.எஃப்.இ. நடத்தும் சீட்டு இருக்கிறது. மாதம் அரை சதவீதம், அதாவது ஆண்டுக்கு 6 சதவீதம் கிடைத்தால், 48 மாதத்தில் ஒன்றரை லட்சம் சேர மாதம் 2,773 ரூபாய் போட வேண்டும். மிச்சமோ 2,450 ரூபாய். சாதாரணக் கடனைவிட மாதம் 323 ரூபாய் கூடுதலாக இவர் கையை விட்டுப் போகிறது. சேமித்து அடைக்கத் தெரிந்தவருக்குப் பலூன் நஷ்டம்.

சேமிப்பில் மாதம் ஒரு சதவீதம் கிடைத்தால் என்ன ஆகும் என்று போட்டுப் பார்த்தால் சரியாக 2,450 ரூபாய் வருகிறது. தற்செயல் அல்ல இது. தவணையில் குறையும் தொகை என்பது, கடன் வட்டி எவ்வளவோ அதே வட்டிக்குப் பலூன் தொகையைச் சேர்க்கத் தேவையான மாதத் தொகைதான். அதைச் சேர்க்கும் வேலையை வங்கியிடமிருந்து எடுத்து உங்கள் தலையில் வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். ஆகவே தீர்ப்புக்கு ஒரே அளவுகோல் போதும். அந்த 2,450 ரூபாயைப் போட்டு ஆண்டுக்கு 12 சதவீதத்துக்கு மேல் ஈட்ட முடிந்தால் பலூன் லாபம், முடியாவிட்டால் நஷ்டம்.

சம்பளக்காரருக்கு வங்கி வைப்பில் அந்த வருமானம் கிடைக்காது. சரக்கைச் சுழற்றும் வியாபாரிக்குக் கிடைக்கலாம். மூட்டைக்கு இரண்டு சதவீதம் லாபம் வைத்து மாதம் ஒரு சுற்று விற்பவருக்கு, கையில் நிற்கும் ஒவ்வொரு ரூபாயும் ஒரு வட்டியைத் தாண்டிச் சம்பாதிக்கிறது. அவர் விஷயத்தில் இன்னொரு நியாயமும் உண்டு. மிளகு, தவணை மாதிரி மாதாமாதம் காய்ப்பதில்லை. கேரளத்தில் அறுவடை பெரும்பாலும் டிசம்பரில் தொடங்கி மார்ச் வரை போகும். வரத்தும் வசூலும் அந்தக் காலத்தை ஒட்டியே இருக்கும். கடைசித் தவணை ஏப்ரலில் விழும்படி கடனைத் தொடங்கினால் அவருக்குப் பெரிய தொகை பெரிய சுமையாக இராது. அதே கடன் ஆகஸ்டில் முடிந்தால், மழைக்காலத்துக் கடையில் ஒன்றரை லட்சத்துக்கு அலைய வேண்டியிருக்கும். கடன் எடுக்கும் மாதத்தை யோசித்து முடிவு செய்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. வண்டி என்றைக்குக் கிடைக்கிறதோ அன்றைக்குத் தவணை தொடங்கிவிடுகிறது.

இனி, கணக்கு தப்பும் இடங்களுக்கு வருவோம். முதலாவது, பலூன் எப்போது விழுகிறது என்பது. மேலே நான் போட்ட கணக்கில் 48 தவணையும் உண்டு, 48-ஆவது தவணை நாளிலேயே பலூனும் உண்டு. சில ஒப்பந்தங்களில் 48-ஆவது தவணைக்குப் பதிலாகவே பலூன் வரும். தவணை 47 மட்டும். அப்போது மாதத்துக்கு 13,572 ரூபாய் ஆகும். வேறு சிலவற்றில் 48 தவணையும் முடிந்து அடுத்த மாதம் பலூன் வரும்; அப்போது 13,374 ரூபாய். மூன்று விடைகளும் சரி, ஒப்பந்தம்தான் வேறு. கடன் கொடுப்பவர் சொல்லும் தவணையும் நீங்கள் போட்ட தவணையும் நூறு, இருநூறு ரூபாய் வித்தியாசப்பட்டால், தவறு என்று சண்டைக்குப் போகும் முன் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

இரண்டாவது, கணினியில் வரும் குறியீட்டுப் பிழை. விரிதாளில் இதற்கு ஒரே வரி போதும்:

```
=PMT(12%/12, 48, -600000, 150000)
```

இது 13,350.23 என்று விடை தரும். கடனுக்குக் கழித்தல் குறியும் பலூனுக்குக் கூட்டல் குறியும் இருக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே குறியைப் போட்டுவிட்டால் 18,250 என்று வரும். கண்டுபிடிப்பது சுலபம்: பலூன் வைத்த தவணை, பலூன் இல்லாத 15,800 ரூபாயைத் தாண்டவே கூடாது, ஒட்டுமொத்தக் கடனுக்கான ஒரு மாத வட்டியான 6,000 ரூபாய்க்குக் கீழே இறங்கவும் கூடாது. இந்த இரண்டு எல்லைகளுக்கு வெளியே எந்த எண் வந்தாலும் கணக்கில் எங்கோ பிழை என்று பொருள்.

இப்போது மாருதி விளம்பரத்துக்குத் திரும்பலாம். ஐந்தாண்டுக் கடன் என்று கொண்டு, ஒரு லட்சத்துக்கு 59 மாதம் 1,797 ரூபாயும் 60-ஆவது மாதம் 25,000 ரூபாயும் கட்டினால், அது எந்த வட்டிக்குச் சரியாக வரும் என்று தேடிப் பார்த்தேன். 10 சதவீதம் வைத்தால் இந்தத் தவணைகளின் இன்றைய மதிப்பு 98,679 ரூபாய்தான். ஆகவே உண்மை வட்டி அதைவிடக் குறைவு. ஒன்பதரை சதவீதம் வைத்தால் கிட்டத்தட்ட ஒரு லட்சத்தில் வந்து நிற்கிறது. திருப்பிப் போட்டால் தவணை 1,796.57 ரூபாய், முழு ரூபாயாக்கினால் 1,797. பலூனை 60-ஆவது தவணையோடு கூடுதலாகக் கட்டுவது என்று வைத்தால் 1,773 ரூபாய் வந்திருக்கும். ஆக ஐந்தாண்டு என்ற ஊகத்தோடு, விளம்பரத்தின் இரண்டு எண்களிலிருந்தே வட்டியும், பலூன் கடைசித் தவணையின் இடத்தில் வருகிறது என்பதும் ஏறத்தாழத் தெரிந்துவிடுகின்றன. அதே வட்டிக்குச் சாதாரணத் தவணை லட்சத்துக்கு 2,100 ரூபாய். மாதம் 303 ரூபாய் குறைத்துக் காட்டியதற்கு, கடைசியில் 25,000 ரூபாய்.

கணக்கு சரியாக இருந்தும் கடன் கவிழும் இடம் கடைசி நாள். அமெரிக்காவில் 1930-களுக்கு முன் வங்கிகள் தந்த வீட்டுக்கடன் பெரும்பாலும் இந்த வடிவத்தில்தான் இருந்தது. மூன்று முதல் ஐந்து ஆண்டு வட்டி மட்டும் கட்டி வருவார்கள். முதல் கடைசியில் மொத்தமாக வரும். யாரும் அதைக் கட்டுவதாக நினைக்கவில்லை. கெடு வந்ததும் புதுக் கடன் எடுத்துப் பழையதை அடைப்பதே வழக்கமாக இருந்தது. 1929-க்குப் பின் வங்கிகளிடம் பணமும் இல்லை, வீட்டுக்கு விலையும் இல்லை. ஒழுங்காக வட்டி கட்டி வந்தவர்களும் வீட்டை இழந்தார்கள். 1933-இல் அரசு ஒரு கழகம் அமைத்து, ஏறத்தாழ பத்து லட்சம் வீட்டுக்கடன்களை வாங்கி, 15 ஆண்டில் மாதாமாதம் முதலும் சேர்ந்து கரையும் கடனாக மாற்றியது. இன்று நாம் சாதாரணம் என்று நினைக்கும் மாதத் தவணை, வீட்டுக்கடனில் பரவலானது அந்த அடிக்குப் பிறகுதான்.

பசார் ரோட்டு வியாபாரிக்கும் அதே கேள்விதான். கடைசி நாளில் பணம் இல்லையென்றால், ஒன்றரை லட்சத்தைப் புதுக் கடனாக மாற்ற வங்கியைக் கேட்பார். அதே ஒரு வட்டிக்கு, 36 மாதத்துக்குக் கொடுத்தால் மாதம் 4,982 ரூபாய். மேலும் 29,357 ரூபாய் வட்டி. அதுவும் வங்கி சம்மதித்தால். அப்போதைய வட்டி, அப்போதைய வங்கிக் கொள்கை, இடையில் தாமதமான தவணைகள் எல்லாம் அன்றைக்குப் புதிதாக எடை போடப்படும். நான்கு வருடம் ஒழுங்காகக் கட்டினேன் என்பது உதவும், உரிமை ஆகாது.

வண்டியை விற்று அடைக்கலாமே என்பார்கள். அதைச் சோதிக்க நம் ஊரில் ஒரு தோராய அளவு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது: வாகனக் காப்பீட்டில் வண்டி மதிப்பைக் குறைக்கும் அட்டவணை. ஓராண்டு கடந்ததும் 20 சதவீதம், இரண்டு கடந்ததும் 30, மூன்று கடந்ததும் 40, நான்கு கடந்ததும் 50 சதவீதம் கழியும். ஏழு லட்ச ரூபாய் வண்டி நான்கு ஆண்டு முடிந்ததும் ஏட்டில் மூன்றரை லட்சம். ஒன்றரை லட்சம் பலூனுக்கு இது தாராளம். பலூனை மூன்று லட்சமாக வைத்திருந்தால் இடைவெளி ஐம்பதாயிரம்தான். ஏட்டு மதிப்புக்கும் சந்தை விலைக்கும் உள்ள தூரத்தை அது தாங்காது. காயல் ஓரத்து உப்புக்காற்றில் அடித்தட்டு துருப்பிடித்த சரக்கு வண்டிக்கு வாங்குபவர் இன்னும் குறைப்பார். பலூனை, அந்த நாளில் ஏட்டு மதிப்பில் பாதிக்கு மேல் போகவிடக் கூடாது என்பது என் கணிப்பு. நடுவில் வண்டி முழுதாக நாசமானால் நிலைமை இன்னும் நெருக்கம்: இரண்டு ஆண்டு முடிவில் சாதாரணக் கடனில் பாக்கி 3,35,652 ரூபாய் என்றால், பலூன் கடனில் 4,01,739 ரூபாய்.

இதையெல்லாம் கையெழுத்துக்கு முன்பே பார்க்க இப்போது வழி இருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல் வழங்கப்படும் சில்லறைக் கடனுக்கும் சிறு, குறு, நடுத்தரத் தொழில்களின் தவணைக் கடனுக்கும், முக்கிய விவரக் குறிப்பு ஒன்றைக் கடன் கொடுப்பவர் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் கட்டளை. அதில் எல்லாச் செலவும் சேர்ந்த ஆண்டு வீதமும், தவணைவாரியான அட்டவணையும் இருக்கும். ஆண்டு வீதத்தில் பலூன் தெரியாது, அட்டவணையில் தெரியும். கையெழுத்துப் போடும் முன் அந்த அட்டவணையின் கடைசி இரண்டு வரிகளை முதலில் படியுங்கள். அங்கே நிற்கும் தொகை எங்கிருந்து வரும் என்பதற்கு உங்களிடம் தேதியோடு பதில் இல்லையென்றால், 15,800 ரூபாய்த் தவணையையே கேட்டு வாங்குங்கள். அதுவும் கட்ட முடியாது என்றால், விலை குறைந்த வண்டியைப் பாருங்கள்.